விரலுக்குத் தெரிந்த பல் தேய்ப்பு

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாமியாருக்கு 78 வயது, அல்சைமர் நோய். ஊட்டினால் சாப்பிடுகிறார், தலை வாரிவிட்டால் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். பிரஷ்ஷைக் கொண்டு போனால் மட்டும் வாயை இறுக்க மூடிக்கொள்கிறார், கையைத் தட்டிவிடுகிறார், ஒருநாள் விரலைக் கடித்தும் விட்டார். "வீட்ல எல்லாரும் பிடிவாதம்னு சொல்றாங்க. வாய் நாத்தம் தாங்கல. கையப் புடிச்சிக்கிட்டு வலுக்கட்டாயமா தேய்ச்சுவிடலாமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம். அப்படிச் செய்தால் நாளைக்கு நிலைமை இன்னும் மோசமாகும். ஏன் என்று சொல்கிறேன்.

தொடு உணர்வைப் பதிவு செய்யும் மூளைப் பகுதியில் உதடுக்கும் நாக்குக்கும் ஒதுக்கியிருக்கும் இடம் முதுகுக்கும் வயிற்றுக்கும் இருப்பதைவிட மிகப் பெரியது. முகத்தருகே வரும் எதையும் உடம்பு எச்சரிக்கையோடுதான் பார்க்கும். நமக்கு எதிரே நிற்பது மருமகள், கையில் இருப்பது பிரஷ் என்று தெரியும், அதனால் அந்த எச்சரிக்கை அடங்கிவிடுகிறது. அந்த அம்மாவுக்கு இரண்டுமே தெரியாத நேரங்கள் உண்டு. யாரோ ஒருவர் நேர் எதிரே வந்து, தாடையைப் பிடித்து, ஒரு குச்சியை வாய்க்குள் நுழைக்கிறார் என்றால் யாராக இருந்தாலும் கடிக்கத்தான் செய்வார்கள். அதோடு, அல்சைமரில் நடந்த சம்பவம் மறந்தாலும் பயம் மட்டும் தங்கிவிடுவது உண்டு. நேற்று கையைப் பிடித்துத் தேய்த்தது அவருக்கு நினைவில் இருக்காது. ஆனால் இன்று அந்த பிரஷ்ஷைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கும்.

அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் ரீட்டா ஜப்லான்ஸ்கி பல ஆண்டுகளாக இந்த ஒரு விஷயத்தைத்தான் ஆராய்ந்து வருகிறார். இந்த மறுப்பைப் பிடிவாதம் என்று பார்க்காமல், ஆபத்து வருகிறது என்று மூளை எடுக்கும் தற்காப்பாகப் பாருங்கள், அந்த ஆபத்து உணர்வைக் குறைத்தால் வாய் தானே திறக்கும் என்பது அவர் வழி. எப்படிக் குறைப்பது என்பதற்கு, மூளை நினைவுகளை எங்கெங்கே வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

1953-இல் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்க இளைஞருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, நட்சத்திரப் படத்தின் கோட்டைப் பென்சிலால் பின்தொடர வேண்டும். முதலில் கை தாறுமாறாகப் போனது. அடுத்தடுத்த நாட்களில் கோடு திருத்தமாக வந்தது. ஒவ்வொரு நாளும் இந்தப் படத்தை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்றுதான் ஹென்றி சொன்னார். அவருக்குத் தெரியாமலேயே அவர் கை கற்றுக்கொண்டிருந்தது.

சம்பவங்களை நினைவில் ஏற்றும் வேலைக்கு ஹிப்போகேம்பஸ் வேண்டும். பழகிப்போன கைவேலைகள் மூளையின் அடியாழத்தில் உள்ள அடித்தள முடிச்சுகளையும் சிறுமூளையையும் நம்பியிருக்கின்றன. அல்சைமர் முதலில் தாக்குவது ஹிப்போகேம்பஸையும் அதை ஒட்டிய பகுதியையும். அடித்தள முடிச்சுகளும் சிறுமூளையும் நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன. பேரன் பெயர் மறந்த பாட்டி, கோலமாவைக் கையில் கொடுத்ததும் புள்ளி வைத்து இழுத்துவிடுவது இதனால்தான். ஆக, பல் தேய்ப்பதும் அங்கே இருக்கும். ஆனால் எந்தப் பல் தேய்ப்பு?

வாசகியின் கடிதத்திலேயே பதில் இருந்தது. மாமியார் ஆயுசு முழுக்கப் பல்பொடிதான். சின்ன வயதில் உமிக்கரி. கொல்லைப்புறத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது உள்ளங்கையில் பொடியைக் கொட்டி, வலது ஆள்காட்டி விரலால் தொட்டுத் தேய்ப்பார். பிரஷ் அந்த வீட்டுக்கு வந்தது மருமகள் வந்த பிறகுதான். அப்படியானால் அவர் மூளையில் பதிந்திருக்கும் பல் தேய்ப்பில் பிரஷ்ஷே கிடையாது. உள்ளங்கை உண்டு, விரல் உண்டு, கொல்லைப்புறம் உண்டு, செம்புத் தண்ணீர் உண்டு. படுக்கை அறையில் கட்டில் ஓரத்தில் பிரஷ்ஷை நீட்டினால் அந்த நினைவுக்கு எந்தத் துப்பும் கிடைப்பதில்லை.

அதனால் அவருக்கு நான் எழுதிய யோசனை இது. காலையில்தான் செய்ய வேண்டும் என்று இல்லை, அவர் அமைதியாக இருக்கும் நேரம் எதுவோ அப்போது. முதலில் உதட்டில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். வறண்டு வெடித்த உதட்டை விரித்தாலே வலிக்கும், மறுப்பு அதனாலும் வரலாம். பிறகு கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போய், குத்துக்காலிட முடியாவிட்டால் ஒரு ஸ்டூலில் உட்காரவையுங்கள். நீங்கள் எதிரே நிற்காதீர்கள், பக்கவாட்டில், அவர் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து உட்காருங்கள். "அத்த, வாய் கொப்புளிச்சிக்கலாமா?" என்று ஒரே ஒரு சின்ன வாக்கியம். செம்பை அவர் கையில் கொடுங்கள். உள்ளங்கையில் பொடிக்குப் பதில் அரிசி மணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட்டை வையுங்கள். நீங்களும் உங்கள் விரலால் உங்கள் பல்லைத் தேய்த்துக் காட்டுங்கள். விரல் பல்லைத் தொட்டதும் பழைய அசைவு தானாக ஓடத் தொடங்கும்.

சில நாள் கழித்து அவர் பதில் எழுதினார். முதல் நாள் மாமியார் பேஸ்ட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் துடைத்துப் போட்டுவிட்டார். மறுநாள் தானே தேய்த்தார், கொப்புளித்தார், நாக்கையும் வழித்தார்.

பாதிக் கிணறுதான் இது. விரல் பல்லின் முகத்தைத் துடைக்கும், ஈறும் பல்லும் சேரும் ஓரத்துக்கும் இடுக்குக்கும் போகாது. கிருமிப் படலம் குடியிருப்பதே அங்கேதான். எனவே அவர் விரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மிருதுவான, சின்னத் தலை கொண்ட பிரஷ்ஷை அவர் கையில் மாற்றிக் கொடுத்து, அந்தக் கைமேல் உங்கள் கையை வைத்து ஈறோரமாகச் சாய்த்து நகர்த்துங்கள். அசைவு அவருடையது, திசை மட்டும் உங்களுடையது. கன்னத்தை விலக்க வேண்டுமானால் இன்னொரு பிரஷ்ஷின் காம்பால் விலக்குங்கள். பல் வரிசைக்கு நடுவே உங்கள் விரல் போகவே கூடாது, கடிப்பது அங்கே அனிச்சைச் செயல். ஈறில் ரத்தம் கசிந்தால் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் அது படலம் தங்கியதால் வந்த வீக்கம், தினமும் மெதுவாகத் தேய்த்தால் ஓரிரு வாரத்தில் குறையும். முகம் சிவந்து, கை இறுகினால் விட்டுவிடுங்கள். அரை மணி கழித்து வேறொருவர் போனால் புதிதாகத் தொடங்கலாம்.

உமிக்கரிக்குத் திரும்ப வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயதானால் ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். வேரின்மேல் எனாமல் கிடையாது. கரகரப்பான பொடி அதைத் தேய்த்துக் குழியாக்கிவிடும். வாயில் அமிலம் கூடக் கூட பிஹெச் என்ற அளவு இறங்கும். எனாமல் கரையத் தொடங்க அது 5.5 அளவுக்கு இறங்க வேண்டும், வேர் அதற்கு முன்பே, 6-க்குச் சற்று மேலேயே கரையத் தொடங்கும். இனிப்புக் காபியை நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடிப்பவருக்கு அது தினசரி நடக்கும்.

அதைத் தடுக்க வேண்டியது எச்சில். அமிலத்தைத் தணிப்பதும், கரைந்த கால்சியத்தைத் திருப்பிக் கொடுப்பதும் அதுதான். சிறுநீர் அடக்க முடியாததற்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின், தூக்கத்துக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சளி மாத்திரைகள் சில, இவை அசிட்டைல்கோலின் என்ற செய்திப் பொருளைத் தடுக்கின்றன. எச்சில் சுரப்பிக்கு உத்தரவு போவது அதன் வழியாகத்தான், அதனால் வாய் காய்கிறது. மறதிக்குக் கொடுக்கும் டோனெபெசில் அதே அசிட்டைல்கோலினைக் கூட்டத்தான் கொடுக்கப்படுகிறது. ஒரே டப்பாவில் ஒன்றையொன்று எதிர்க்கும் இரண்டு மாத்திரைகள்! நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

டெல்டா வீடுகளுக்கு இன்னொன்று. கும்பகோணம் வெற்றிலையும் சீவலும் போட்டே பழகியவர்கள் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மறந்துவிடுவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கன்னத்தைப் பார்த்து எடுத்துவிட வேண்டும். பாக்கு கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் உள்ள திசுவை இறுக்கி நாராக்கும், வாய் திறக்கும் அளவே குறைந்துபோகும். எனவே "திறக்க மாட்டேங்கிறாங்க" என்று சொல்லும் முன், அவர் கொட்டாவி விடும்போது பாருங்கள். அவருடைய மூன்று விரல் அகலத்துக்கு வாய் திறக்கிறதா? திறக்காவிட்டால் அது மனம் சார்ந்த மறுப்பு இல்லை. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் சொன்னது. வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரம் ஆறாத புண் இருந்தால் பல் மருத்துவரிடம் போக வேண்டும்.

அங்கே போக விடாமல் தடுப்பது ஒரு நம்பிக்கை. மேல்பல் பிடுங்கினால் கண் போய்விடும் என்று இன்றும் படித்தவர்களே சொல்கிறார்கள். மேல்பல்லுக்கு வருவது முகத்தின் உணர்வு நரம்பின் ஒரு கிளை. பார்வைக்குத் தனி நரம்பு, தனி வழி. இந்தப் பொய்யால், சொத்தைப் பல்லோடு வலியில் கிடந்தும் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத எத்தனையோ முதியவர்கள் தவிக்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. ஆராய்ச்சி நிதியைப் பற்றியும் ஒரு குறை உண்டு. புது மாத்திரைக்குக் கிடைக்கும் பணத்தில் சிறு பங்கையாவது, பல்பொடி தலைமுறையின் கைப்பழக்கத்தை வைத்துப் பராமரிப்பது எப்படி என்று ஆராய ஒதுக்கலாம். வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லோர் கைக்கும் பிரஷ் பழகியது என்றே எழுதப்பட்டிருக்கின்றன.

வலியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே பக்கம் மெல்லுவது, சூடானதையோ குளிர்ந்ததையோ திடீரென்று தள்ளுவது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பது, பழகிய பல்செட்டை மாட்ட மறுப்பது. பல்செட்டை இரவில் கழற்றி, சோப்பு போட்டுத் தேய்த்துத் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீர் வேண்டாம், வடிவம் கெட்டுவிடும்.

நோய் முற்றும்போது அந்தக் கைவேலை நினைவும் போகும். அப்போது அவர் விரலால் முடியாது. நிமிர்ந்து உட்காரவைத்து, தலை லேசாக முன்னே குனிந்திருக்க, நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் கன்னம், ஈறு, நாக்கு என்று துடையுங்கள். பல் இருந்தால் பேஸ்ட் பூசிய பிரஷ்ஷும் உண்டு. தலையைப் பின்னால் சாய்த்து வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. விழுங்கும் அசைவு தளர்ந்தவருக்கு அது மூச்சுக்குழாய்க்குப் போகும், வாய்க் கிருமிகளையும் நுரையீரலுக்கு இழுத்துக்கொண்டு போகும். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பிறகு குரலில் களகளப்பு, காரணம் தெரியாத காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரிடம் போகும் முன்பே பொது மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.