கடைசித் தேதி ஞாயிறாக வந்தால் திங்கட்கிழமை கட்டலாமா?

கட்டலாமா என்பது, அந்தத் தேதியை யார் வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. சட்டம் வைத்த தேதிக்கு ஒரு விதி, நிறுவனம் வைத்த தேதிக்கு வேறு.

சட்டத்தின் பக்கத்தில் நமக்கு உதவுவது இலங்கையின் 1901ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பொருள்கோடல் கட்டளைச் சட்டம். அதன் 8ஆம் பிரிவின் சாரம் இது: ஒரு காரியத்தை நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ முடிக்க எழுத்துச் சட்டம் கால எல்லை கொடுத்து, அதன் கடைசி நாளில் அந்த இடம் மூடியிருந்தால், அடுத்துத் திறக்கும் நாளில் செய்தாலும் உரிய நேரத்தில் செய்ததாகக் கொள்ளப்படும். பிரிவு பேசுவது விடுமுறையைப் பற்றி அல்ல, அலுவலகம் மூடியிருப்பதைப் பற்றி. போயா நாளிலும் கவுண்டர் திறந்திருந்தால் இந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

கொழும்பு மாநகர சபையின் சோலைவரியை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதற்குமான வரியை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதக் கழிவு. காலாண்டு காலாண்டாகக் கட்டுகிறவர்களுக்கு, அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். 2027 ஜனவரி 31 ஞாயிற்றுக்கிழமை. வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குக் காலாண்டு வரி 6,000 ரூபா, ஆண்டுக்கு 24,000 என்று வைப்போம். ஞாயிறுக்குள் கட்டினால் 21,600 ரூபாவோடு கணக்கு முடிகிறது. தவறவிட்டால் 10 வீதம் மட்டுமல்ல, முதற் காலாண்டின் 5 வீதமும் அன்றோடு போய்விடும். மீதி மூன்று காலாண்டுகளில் கிடைக்கக்கூடியது 900 ரூபாதான். ஆக 1,500 ரூபா நட்டம்.

திங்கட்கிழமை, பெப்ரவரி 1 அன்று போய் 8ஆம் பிரிவைக் காட்டலாமா? காட்ட இடமுண்டு. ஆனால் இரண்டு தடைகள் இருக்கின்றன. ஒன்று, சபைக்கு இணையத்திலும் கட்டலாம் என்பதால், "அலுவலகம் மூடியிருந்தது" என்ற வாதம் பலவீனப்படும். மற்றது, கணினி 31ஆம் தேதியோடு கழிவை நிறுத்திவிட்டால், கவுண்டரில் இருப்பவரால் அதை உடனே மாற்ற முடியாமல் போகலாம். அப்படியானால் முழுத்தொகையையும் கட்டி, பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு, கழிவைக் கோரி எழுத்தில் கடிதம் கொடுப்பதுதான் வழி. 1,500 ரூபாவுக்காக இந்த அலைச்சல் வேண்டாம் என்றால், 29ஆம் தேதி வெள்ளிக்கிழமையே கட்டிவிடுங்கள்.

கடன் அட்டை, தொலைபேசி பில் போன்றவற்றில் நிலைமை வேறு. அந்தத் தேதி ஒப்பந்தத்தில் வந்தது; நிபந்தனையில் "அடுத்த வேலை நாள்" என்று எழுதியிருந்தால் மட்டுமே தள்ளிப்போகும். இங்கே பணம் அனுப்பிய நாளைவிட, கணக்கில் விழுந்த நாள்தான் பெரும்பாலும் கணக்கு. வங்கிகளுக்கிடையே இணையத்தில் பணம் அனுப்ப சிஃப்ட்ஸ், ஸ்லிப்ஸ் என்று இரண்டு வழிகள் உண்டு. சிஃப்ட்ஸ் வழியாக அனுப்பினால் ஞாயிறு, போயா என்று பாராமல் உடனே போய்ச் சேரும். ஸ்லிப்ஸ் வழியாகவோ காசோலையாகவோ போனால் வங்கி திறக்கும் நாளுக்குக் காத்திருக்கும். வெள்ளி மாலை காசோலை போட்டுவிட்டு, ஞாயிறு தேதிக்குத் தாமதக் கட்டணம் வந்ததே என்று திகைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். செயலியில் அனுப்பும்போது எந்த வழி என்று கேட்டால் சிஃப்ட்ஸைத் தெரிவு செய்து, நேரம் தெரியும் உறுதிப்படுத்தல் திரையைப் படம் பிடித்து வையுங்கள்.