பிளேன் எதையும் உடைக்கவில்லைங்க

மறுபடியும் அதே கதை. நல்ல வெயிலில், மேகமே இல்லாத வானத்தில் 'டமார்' என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்து அடங்குகிறது. பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் நிலநடுக்கம் என்று சுற்றுகிறது. சாயங்காலம் எனக்கு போன் வருகிறது: "ஏனுங்க சார், பிளேன் சவுண்டு பேரியரை ஒடச்சதுல ஊட்டுச் செவுரு விரிசல் உட்டுருச்சுங்க. ஒருக்கா வந்து பாருங்க."

நான் கட்டடப் பொறியாளன், விமானத் துறைக்காரன் இல்லை. ஆனாலும் சுவர் மீது காற்று எவ்வளவு அழுத்தும் என்று கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு. சூலூர் விமானப்படைத் தளத்தில் தேஜஸ் போர் விமானங்கள் இருக்கும்வரை இந்த போன்களும் வரும் என்பதால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த 'உடைத்தது' என்ற பேச்சு. விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டும் அந்த ஒரு நொடியில் மட்டும் ஒரு வெடி வெடிக்கும், அப்புறம் அமைதியாகப் போய்விடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் நேரம் முழுக்க அந்த அதிர்வலை விமானத்தோடு கூடவே வருகிறது. ஓட்டைக் குழாயோடு ஒரு தண்ணி லாரி பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிறது என்று வையுங்கள். வழியில் உள்ள ஒவ்வொரு கடைக்காரரும் "என் கடை முன்னாடிதான் ஊத்திட்டுப் போனான்" என்பார். ஊற்றியதென்னவோ வழி நெடுக. நமக்கு ஒரு தடவை மட்டும் கேட்பது, அலை நம்மை ஒரு தடவை மட்டும் கடந்து போவதால். அடுத்த ஊருக்கு அது அடுத்த சில விநாடிகளில் போய்ச் சேரும்.

அலை எப்படி உண்டாகிறது? பறக்கும் விமானம் முன்னால் உள்ள காற்றைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் ஒலியின் வேகத்தில்தான் காற்றில் பரவும். விமானம் மெதுவாகப் போனால் தள்ளல் முன்கூட்டியே போய்விடும், காற்று விலகி வழி விடும். விமானம் அதைவிட வேகமாகப் போனால் முன்னால் போக முடியாத அத்தனை தள்ளலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, மூக்கிலிருந்து பின்பக்கமாக விரியும் கூம்பு ஆகிறது. அந்தக் கூம்பின் விளிம்பில் காற்றழுத்தம் சட்டென்று எகிறும். வால் பகுதியிலும் இதே மாதிரி இன்னொரு எகிறல் உண்டு. நடுவில் அழுத்தம் சாதாரண நிலைக்கும் கீழே இறங்கியிருக்கும். ஆக வருவது இரண்டு வெடி. போர் விமானத்தில் இரண்டுக்கும் இடைவெளி சுமார் 0.1 விநாடிதான், அதனால் பலருக்கு ஒன்றாகவே கேட்கும். கூம்பு எப்போதும் பின்னால்தான் இருப்பதால், ஓட்டுகிற பைலட்டுக்கு இந்தச் சத்தம் கேட்பதே இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 11 கி.மீ. உயரத்தில் குளிர் மைனஸ் 56 டிகிரி. அங்கே ஒலியின் வேகம் விநாடிக்கு 295 மீட்டர்தான். நம் ஊர்த் தரையில், வெயில் நேரத்தில், அது 347 மீட்டருக்குப் பக்கம். மாக் 1.4-ல், அதாவது அந்த உயரத்து ஒலியைப் போல 1.4 மடங்கு வேகத்தில் பறந்தால் விநாடிக்கு 413 மீட்டர். விமானம் உங்கள் தலைக்கு நேர் மேலே போன பிறகு ஏறத்தாழ 22 விநாடி கழித்துத்தான் சத்தம் தரைக்கு வரும். அதற்குள் விமானம் 9 கி.மீ. தாண்டியிருக்கும். சத்தம் கேட்டதும் ஓடிவந்து அண்ணாந்து பார்த்துவிட்டு "வானத்துல ஒண்ணுமே இல்லைங்க, மர்மச் சத்தம்" என்று எழுதுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சத்தம் கேட்கும் பட்டையின் அகலமும் சின்னதல்ல. ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் ஒரு மைல் என்பது நடைமுறைக் கணக்கு. 36,000 அடியில் பறந்தால் அவிநாசிக்கும் தாராபுரத்துக்கும் இடையிலான தூரம் அளவுக்குத் தரையில் கேட்கும். இன்னொன்றும் உண்டு. கீழே வர வர காற்று சூடாவதால் அலை மேல்நோக்கி வளையும். மேலே சொன்ன வெப்பநிலையில், விமானத்தின் வேகம் மாக் 1.18-ஐத் தாண்டாவிட்டால் அலை தரையைத் தொடாமலேயே திரும்பிவிடும். ஒலித்தடையைத் 'தாண்டிய' விமானம், ஆனால் கீழே ஒருவருக்கும் சத்தமில்லை! உடைப்புக் கதைக்காரர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

2020 மே 20 அன்று பெங்களூரு அதிர்ந்தது நினைவிருக்கும். விமானப்படையின் வழக்கமான சோதனைப் பறத்தல் என்று பாதுகாப்புத் துறை விளக்கம் கொடுத்தது. 36,000 முதல் 40,000 அடி உயரத்தில், ஒலியைவிட வேகமாகப் போன விமானம் வேகத்தைக் குறைக்கும்போது எழுந்த சத்தமாக இருக்கலாம் என்றார்கள். 65 முதல் 80 கி.மீ. தள்ளியிருப்பவருக்கும் அது கேட்கும் என்றார்கள். கவனியுங்கள், வேகம் கூடும்போது அல்ல, குறையும்போது.

நியாயமாக ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். விமானம் வேகம் கூட்டும்போதோ சட்டென்று திரும்பும்போதோ, பாதையின் வேறு வேறு இடத்தில் கிளம்பிய அலைகள் தரையில் ஒரே இடத்தில் சேரலாம். அந்தக் குறுகிய பட்டையில் சத்தம் வழக்கத்தைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை வலுக்கும். பக்கத்து ஊரில் லேசாகவும் உங்கள் ஊரில் பயங்கரமாகவும் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

சரி, சுவருக்கு வருவோம். உயரத்தில் பறக்கும் விமானத்தின் அலை தரையில் கூட்டும் அழுத்தம் பொதுவாக 50 முதல் 100 பாஸ்கல். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக 45, 50 கி.மீ. வேகத்தில் அடிக்கும் காற்றும் சுவரை ஏறத்தாழ 100 பாஸ்கல் அழுத்துகிறது. அதற்கு யாரும் எனக்கு போன் செய்வதில்லை. கோவைக்கு விதிப்புத்தகம் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். அதன்படி அழுத்தம் 900 பாஸ்கலுக்கு மேல் போகும். வித்தியாசம் என்னவென்றால், காற்று மெல்ல ஏறுகிறது, இது கண்ணிமைப்பதற்குள் ஏறி இறங்குகிறது. அதனால்தான் கண்ணாடியும் கதவும் உதறுகின்றன. ஏற்கெனவே கீறல் விட்ட கண்ணாடி உடையலாம், பொருபொருவென்று நிற்கும் பூச்சு உதிரலாம், தளர்ந்த ஓடு நழுவலாம். அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்தின் மேல் 1964-ல் ஆறு மாதம், வேண்டுமென்றே 1,253 தடவை இந்தச் சத்தத்தை எழுப்பிப் பார்த்தார்கள். ஜன்னல்கள் உடைந்தன, மக்கள் கொதித்தார்கள், வீடுகள் நின்றன.

நான் போய்ப் பார்க்கும் விரிசல்களில் பெரும்பாலானவை வேறு கதை சொல்கின்றன. தளத்துக்கு அடியில் படுக்கையாக ஓடினால் வெயிலில் தளம் நீண்டு சுருங்கியது. மூலையிலிருந்து சாய்வாக, ஒரு முனை அகலமாக இருந்தால் அடித்தளம் இறங்கியது. கரிசல் மண்ணில் இது சகஜம். விரிசலுக்குள் தூசி, ஒட்டடை, பழைய சுண்ணாம்பு இருந்தால் அது நேற்று வந்ததல்ல. சத்தம் கேட்ட பிறகுதான் நீங்கள் சுவரை உற்றுப் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

தயவுசெய்து பூகம்பச் செய்தியை அனுப்பாதீர்கள். தூரத்து ஊர்களில் உள்ள சொந்தக்காரர்களுக்கு போன் போடுங்கள். நாற்பது, ஐம்பது கி.மீ. பரப்பில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சத்தம் கேட்டு, காலடியில் தரை அதிராமல் இருந்திருந்தால் பெரும்பாலும் விமானம்தான். உங்கள் ஊரில் மட்டும் கேட்டு, காலடியில் தரையும் அதிர்ந்தால் கல்குவாரியை விசாரியுங்கள். புகையோ கேஸ் வாடையோ வந்தால் பிளேன் என்று சும்மா இருந்துவிடாமல் 112-க்கு அழையுங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், அளவுகோல் வைத்து ஒரு படம் எடுங்கள். மழைக்காலம் முடிந்து மறுபடி பாருங்கள். கோட்டைத் தாண்டி ஓடியிருந்தால் கூப்பிடுங்கள், வருகிறேன். அதுவரை பட்டி வைத்துப் பூசி மறைத்துவிடாதீர்கள். அப்புறம் வந்து நான் பார்க்க ஒன்றும் இருக்காது.