சுவடு ஏன் மாறுவதில்லை?

A = [4 1; 2 3] என்ற அணியின் முதன்மை மூலைவிட்டத்தில் இருப்பவை 4, 3. அதன் ஐகன் மதிப்புகளோ 5, 2. ஒன்றுகூடப் பொருந்தவில்லை, ஆனால் இரண்டு ஜோடிகளையும் தனித்தனியே கூட்டினால் 7 வருகிறது. "இது தற்செயலா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை. மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகையான சுவடு, எந்தச் சதுர அணியிலும் ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகைக்குச் சமம்தான்.

பாடநூல்கள் இதைச் சிறப்பியல்புச் சமன்பாட்டின் கெழுக்களை ஒப்பிட்டு நிறுவும். நிறுவல் சரிதான், ஆனால் காரணம் அதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. காரணம் பெருக்கலில் இருக்கிறது.

A, B என்ற ஏதேனும் இரண்டு அணிகளை எடுத்துக்கொள்வோம். பெருக்கலான AB-யின் முதல் மூலைவிட்ட உறுப்பைப் பெற A-யின் முதல் நிரையை B-யின் முதல் நிரலோடு பெருக்கிக் கூட்டுகிறோம். இப்படி எல்லா மூலைவிட்ட உறுப்புகளையும் சேர்த்தால், AB-யின் சுவடான tr(AB) என்பது எல்லா i, j-க்கும் aᵢⱼbⱼᵢ-யின் கூட்டல். BA-வுக்குச் செய்தால் bⱼᵢaᵢⱼ வருகிறது. அதே எண்களின் அதே பெருக்கல்கள், கூட்டும் வரிசை மட்டும் வேறு. AB, BA இரண்டும் வெவ்வேறு அணிகளாக இருந்தாலும் சுவடு ஒன்றுதான்.

அளவே வேறுபட்டாலும் இது நிற்கிறது என்பதுதான் அழகு. (1 2 3) என்ற நிரையை 4, 5, 6 கொண்ட நிரலோடு பெருக்கினால் 32 என்ற ஒற்றை எண். வரிசையை மாற்றிப் பெருக்கினால் 3×3 அணி. அதன் மூலைவிட்டத்தில் 4, 10, 18. கூட்டினால் அதே 32!

மூன்று அணிகள் என்றால் கடைசியில் உள்ளதை முன்னால் கொண்டுவரலாம்: tr(ABC) = tr(CAB). ஆனால் அடுத்தடுத்த இரண்டை மட்டும் இடம் மாற்றி tr(ACB) என்று எழுதினால் பொதுவாகத் தவறாகிவிடும். சுழற்றலாம், கலைக்கக் கூடாது.

இனி விடை எளிது. ஐகன் திசையன்களை நிரல்களாக வைத்து P-யை அமைத்தால் A = PDP⁻¹; D-யின் மூலைவிட்டத்தில் 5, 2. கடைசியில் உள்ள P⁻¹-ஐ முன்னால் சுழற்றினால் அது P-யோடு சேர்ந்து அலகு அணியாகிவிடும். எஞ்சுவது tr(D) = 7. இப்படி மூலைவிட்டமாக்க முடியாத அணிகளிலும், கலப்பெண்களை அனுமதித்தால், D-க்குப் பதில் மேல்முக்கோண அணி ஒன்று கிடைக்கும், வாதம் அதேதான்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நிரைச் செயல்களால் அணியை முக்கோணமாக்கி, மூலைவிட்டத்தை ஐகன் மதிப்புகளாக வாசித்துவிடுவார்கள். A-யின் இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையில் பாதியைக் கழித்தால் [4 1; 0 2.5]. அணிக்கோவை 10 மாறவில்லை. சுவடு மட்டும் 6.5 ஆகி, தவறைக் காட்டிக்கொடுக்கிறது. நிரைச் செயல் இடப்பக்கம் மட்டுமே பெருக்குகிறது; அதை ஈடுசெய்யும் நேர்மாறு வலப்பக்கத்தில் இல்லை. அதையும் பெருக்குங்கள், அதாவது இரண்டாம் நிரலில் பாதியை முதல் நிரலோடு கூட்டுங்கள்: [4.5 1; 1.25 2.5]. முக்கோண வடிவம் போய்விட்டது. சுவடு மறுபடி 7.