ஸ்ட்ராடில் விலைக்குள் ஒளிந்திருக்கும் சராசரி

பாகான் டத்தோ பக்கம் செம்பனை ஆலையில் எடைமேடையைப் பார்த்துக்கொள்ளும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பாமாயில் ஃபியூச்சர்ஸ் 4,000 ரிங்கிட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 30 நாளில் முடியும் 4,000 ஸ்ட்ராடில் 275 ரிங்கிட். அப்படியென்றால் விலை 3,725-க்கும் 4,275-க்கும் நடுவில் முடிய 68 விழுக்காடு வாய்ப்பு என்கிறார்கள். அதற்கு வெளியே கால், புட் இரண்டையும் விற்றால் மூன்றில் இரண்டு தடவை காசு நமக்குத்தானே?”

கணக்கு பாதி சரி. 275 என்ற எண் உண்மையிலேயே பயனுள்ளது. அதோடு ஒட்டவைத்த 68 தான் தவறு.

ஆப்ஷன் அடிப்படை தெரிந்தவர்களுக்கு நினைவூட்டலாக: நடப்பு விலையிலேயே ஸ்ட்ரைக் உள்ள ஒரு கால், ஒரு புட் இரண்டையும் சேர்த்து வாங்குவது ஸ்ட்ராடில். பர்சா மலேசியாவில் FCPO என்ற பாமாயில் ஃபியூச்சர்ஸ் ஒரு கான்ட்ராக்ட் 25 டன், விலை சொல்வது டன்னுக்கு. ஆகவே 275 என்பது கையிலிருந்து 6,875 ரிங்கிட்.

இப்போது நிதானமாகப் பார்க்க வேண்டிய இடத்துக்கு வருவோம். முடிவு நாளில் விலை 4,200 என்றால் கால் 200 தரும், புட் பூஜ்யம். 3,800 என்றால் புட் 200 தரும், கால் பூஜ்யம். ஏறினாலும் இறங்கினாலும் ஸ்ட்ராடில் தருவது ஒன்றுதான்: 4,000-இலிருந்து விலை எவ்வளவு தள்ளிப் போனதோ அந்தத் தூரம். நியாயமான விலை என்பது கிடைக்கப்போகும் தொகையின் சராசரி. அப்படியானால் 275 என்பது, எந்தத் திசை என்று பார்க்காமல், சந்தை எதிர்பார்க்கும் தூரத்தின் சராசரி. வேறு எந்தச் சூத்திரமும் இல்லாமல் இது நேராக வந்துவிடுகிறது. ஜாதகத்தில் விலை பார்த்துச் சொல்பவர்களும், டெலிகிராமில் ‘நாளைக்கு ஏறும்’ என்பவர்களும் திசையை விற்கிறார்கள். ஸ்ட்ராடில் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. நான் அதை நம்புவதற்கு இதுவே பெரிய காரணம்.

ஆனால் சராசரி தூரம் ஒன்று, புள்ளியியலில் சொல்லும் திட்ட விலக்கம் வேறொன்று. 68 விழுக்காடு என்ற கணக்கு திட்ட விலக்கத்துக்குச் சொந்தம். நான்கு மாதங்களில் விலை நகர்ந்த தூரம் 50, 150, 200, 700 என்று வையுங்கள். சராசரி சரியாக 275. ஆனால் நான்கில் மூன்று மாதம் அதற்கு உள்ளேயே அடங்கிவிட்டது. அந்த ஒரு 700 தான் சராசரியை மேலே இழுத்தது. அதே நான்கு எண்களை வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் கண்டால் 372 வருகிறது. வர்க்கப்படுத்தும்போது பெரிய எண் இன்னும் பெரிதாகிவிடுவதால் திட்ட விலக்கம் எப்போதும் சராசரி தூரத்துக்குக் கீழே வராது.

விலை மணி வடிவ வளைவில் பரவுகிறது என்று கொண்டால் இந்த இரண்டுக்கும் இடையே ஒரு நிலையான விகிதம் கிடைக்கிறது: சராசரி தூரம் = திட்ட விலக்கம் × √(2/π), அதாவது ஏறத்தாழ 0.8. வட்டத்தின் சுற்றளவுக்கென்று பள்ளியில் படித்த பை, செம்பனை எண்ணெய் விலைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது! மணி வளைவின் பரப்பைக் கணக்கிடும்போது வட்டம் உள்ளே நுழைவதால் வரும் பை அது. மெனாகெம் பிரென்னர், மார்ட்டி சுப்ரமணியம் என்ற இருவர் 1988-இல் இதே உறவைக் கொண்டுதான் ஆப்ஷன் விலையிலிருந்து ஏற்ற இறக்கத்தை மனக்கணக்காகவே எடுக்கும் வழியை எழுதினார்கள்.

இனி அந்த 275-ஐத் திருப்பிப் போடலாம். 0.8-ஆல் வகுத்தால், அதாவது 1.25-ஆல் பெருக்கினால், திட்ட விலக்கம் ஏறத்தாழ 344. ஆகவே 68 விழுக்காட்டின் எல்லை 3,656-இலிருந்து 4,344 வரை. வாசகர் சொன்ன 3,725–4,275 எல்லைக்குள் விலை முடியும் வாய்ப்பு 57 விழுக்காடு சொச்சம்தான். ஸ்ட்ராடிலை 0.85-ஆல் பெருக்குவதும் வணிகர்களிடையே வழக்கம். அப்படிச் செய்தால் 234 வரும். அந்த எல்லைக்குள் முடிய வாய்ப்பு சரிபாதி. 275, 344, 234 மூன்றையும் ‘எதிர்பார்க்கும் நகர்வு’ என்றே அழைக்கிறார்கள், குழப்பமே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஸ்ட்ரைக் 50 ரிங்கிட் இடைவெளியில் இருப்பதாக வைத்தால், விற்க நினைப்பவர் 3,650 புட்டையும் 4,350 காலையும் பார்ப்பார். இதே ஏற்ற இறக்கத்தை வைத்துக் கணக்கிட்டால் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 55 ரிங்கிட், கான்ட்ராக்ட்டுக்கு 1,375. விலை 4,600-இல் முடிந்தால் காலில் 6,250 போகும், கையிலிருந்து நிகரமாக 4,875. இன்னொன்றும் உண்டு. 68 என்பது முடிவு நாளன்று மட்டும். நடுவில் ஏதோ ஒரு நாள் விலை அந்த எல்லைகளில் ஒன்றைத் தொடும் வாய்ப்பு, வெளியே முடியும் வாய்ப்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. எல்லையைத் தொடும் விலையில் பாதி உள்ளே திரும்பிவிடும், பாதி வெளியே நிற்கும் என்பதால் அப்படி. இங்கே அது 60 விழுக்காட்டுக்கு அருகில் வருகிறது. கடைசியில் லாபம் தரக்கூடிய விற்பனையிலும் மாத நடுவில் மார்ஜின் கேட்டு புரோக்கர் கூப்பிடுவது அதனால்தான்.

விலையை எடுக்கும்போதும் கவனம் வேண்டும். பாமாயில் ஆப்ஷனில் வியாபாரம் அடர்த்தியாக இருப்பதில்லை. திரையில் தெரியும் கடைசி விலை காலையில் நடந்ததாகவும் இருக்கலாம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுப்புள்ளியை எடுங்கள். பிறகு ஒரு சோதனை: ஃபியூச்சர்ஸ் 4,000-இலும் ஸ்ட்ரைக் 4,000-இலும் இருந்தால் காலும் புட்டும் ஒரே விலையில் இருக்க வேண்டும். கால் 155, புட் 115 என்று தெரிந்தால் கூட்டுத்தொகை பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் அந்த 40 ரிங்கிட் வித்தியாசம் ஃபியூச்சர்ஸ் 4,040-இல் இருந்தபோது பிறந்தது, அல்லது ஒரு பக்கத்து விலை பழையது.

மாதத்தின் எல்லா நாளும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மலேசிய செம்பனை வாரியம் மாதந்தோறும் 10-ஆம் தேதி வாக்கில் கையிருப்புக் கணக்கை வெளியிடுகிறது. யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய அந்தக் கணக்கு நம் நாட்டில் கிடைக்கும் மிகச் சிறந்த பொதுத் தரவுகளில் ஒன்று என்பது என் கருத்து. அது வெளிவரும் நாளுக்கு முன்பும் பின்பும் ஸ்ட்ராடில் ஒன்றாக இருக்காது.

வாசகரின் உறவினருக்கு ஒன்பது ஏக்கர் செம்பனை இருக்கிறதாம். குலை விலை எண்ணெய் விலையைத் தொடர்ந்தே போகும் என்பதால் அவருக்குப் புட் வாங்குவதுதான் பொருத்தம், விற்பதல்ல. மாத விளைச்சலில் கிடைக்கும் எண்ணெய் 25 டன்னுக்கு வெகு கீழே என்பதால் அவரைப் போல இருபது பேராவது சேர்ந்தால்தான் ஒரு கான்ட்ராக்ட் கணக்குக்கு வரும். 4,000 புட் ஏறத்தாழ 138, விலை எவ்வளவு விழுந்தாலும் கைக்கு 3,862 நிற்கும். 3,850 புட் ஏறத்தாழ 73, நிற்பது 3,777. 3,650 புட் 25-க்குக் கிடைக்கும், நிற்பது 3,625. மலிவாக இருக்கிறதென்று கடைசியானதை எடுத்தால், சராசரி தூரமான 275 அளவு விலை விழுந்தாலும் அது ஒரு காசு தராது. வழக்கமான சரிவுக்கே துணை வேண்டும் என்றால் ஸ்ட்ரைக் அந்த 275-க்கு உள்ளே இருக்க வேண்டும். 3,850 அங்கேதான் இருக்கிறது.