ஜன்னல் வெளிச்சமும் ஐந்தடி தூரமும்: வீட்டிலேயே எடுக்கும் புரொஃபைல் படம்

ஸ்டுடியோ வைத்திருப்பவன் இப்படி எழுதுவது தொழிலுக்கு நல்லதில்லைதான். ஆனால் லிங்க்ட்இன்னில் போட ஒரு படம் வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு நான் தேவையே இல்லை. அவர்கள் காட்டும் பழைய படங்களில் உள்ள கோளாறு கேமராவினால் வந்ததாக இருக்காது. கையை நீட்டி எடுத்த செல்ஃபி, தலைக்கு மேல் டியூப்லைட் எரிய எடுத்த படம், வெள்ளைச் சுவரில் முதுகை ஒட்டி நின்று எடுத்த படம்: பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான்.

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண் போன் செய்திருந்தார். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக இங்கே உடுப்பு வாங்கிக் கொடுக்கும் பையிங் ஆபீஸ் ஒன்றில் வேலைக்கு முயற்சி செய்கிறார். அவருடைய புரொஃபைலில் இருந்தது ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, தோளில் வேறு யாருடைய கையோ வெட்டப்பட்டுக் கிடக்கிறது. பக்கத்தின் மேலே பேனர் என்ற அகலமான படம் இருக்க வேண்டிய இடம் காலி. ஸ்டுடியோவுக்கு வர நேரமில்லை, வீட்டில் தம்பி இருக்கிறான், போன் இருக்கிறது என்றார். சரி, அது போதும் என்று போனிலேயே சொல்லிச் சொல்லி எடுக்க வைத்தேன்.

முதலில் தூரம். செல்ஃபி எடுக்கும்போது கேமரா முகத்திலிருந்து ஓர் அடி, மிஞ்சினால் இரண்டடி தள்ளி இருக்கும். அவ்வளவு பக்கத்தில் காது இருக்கும் தூரத்தோடு ஒப்பிட்டால் மூக்கு கேமராவுக்கு ரொம்பவே அருகில் இருக்கிறது. அதனால் மூக்கு புடைத்து, காதுகள் பின்னுக்குப் போய், முகம் ஒடுங்கித் தெரியும். செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சின்னதாக்கச் சொல்லி ஆட்கள் வருகிறார்களே என்று அமெரிக்காவில் முக அறுவை மருத்துவர்கள் 2018-இல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அடிப்பகுதி, ஐந்தடியில் எடுத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறதாம். மூக்கின் மேல் குற்றமில்லை, கை நீளம் போதவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே போனை இன்னொருவர் பிடிக்க வேண்டும், பின்பக்கக் கேமராவில் எடுக்க வேண்டும், குறைந்தது ஐந்தடி தள்ளி நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் ஆள் சின்னதாகத் தெரியும். உடனே முன்னால் நடந்து வரத்தான் தோன்றும். வராமல், திரையில் 2x என்று இருப்பதைத் தொட்டால் போதும். அது இல்லாத போன் என்றால் அப்படியே எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். புரொஃபைல் படம் திரையில் கட்டை விரல் நகம் அளவுக்குத்தான் தெரியும், வெட்டினாலும் தெளிவு குறையாது. பிடிக்க ஆளில்லையென்றால் அலமாரித் தட்டில் போனைச் சாய்த்து வைத்து டைமர் போடலாம். லென்ஸ் கண் மட்டத்துக்கு வர வேண்டும் என்பது மட்டும் முக்கியம். உயரமான ஆள் குனிந்து எடுத்தால் தலை பெரிதாகும், உட்கார்ந்து எடுத்தால் தாடைக்கும் மூக்குத் துவாரத்துக்கும் முதல் மரியாதை. எடுப்பதற்கு முன் லென்ஸைப் பருத்தித் துணியால் ஒரு தரம் துடையுங்கள். விரல் பட்ட எண்ணெய்ப் பசைதான் பல படங்கள் பனிமூட்டமாக இருக்கக் காரணம்.

அடுத்தது வெளிச்சம். தம்பி ஹாலில் டியூப்லைட்டுக்குக் கீழே நிற்க வைத்து எடுத்த முதல் படத்தில் கண்குழிகள் கறுத்து, அக்கா ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவர்போல இருந்தார். வெளிச்சம் தலைக்கு மேலிருந்து வந்தால் புருவத்தின் நிழல் கண்ணில் விழத்தான் செய்யும். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் வரச் சொன்னேன். ஜன்னலுக்கு முதுகு காட்டவும் கூடாது, நேராக அதைப் பார்த்து நிற்கவும் வேண்டாம். ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் சாய்வாக விழும்படி பாதி திரும்பி நிற்க வேண்டும். விளக்கை ஏன் அணைக்க வேண்டும் என்று கேட்பார்கள். பகல் வெளிச்சத்துக்கு ஒரு நிறம், விளக்குக்கு இன்னொரு நிறம். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் எதைச் சரி செய்வது என்று போனுக்குத் தெரியாது.

வெயில் நேராக உள்ளே விழாத ஜன்னலாக இருக்க வேண்டும். வடக்குப் பார்த்த ஜன்னல் நல்லது என்று புகைப்படக்காரர்கள் சொல்லும் வழக்கு குளிர் நாடுகளிலிருந்து வந்தது. நம் ஊரில் அது வருஷம் முழுக்கச் செல்லாது. ஏப்ரல் கடைசி வாக்கிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நம் உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும், அப்போது வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கலாம். திசையைப் பார்க்காமல் தரையைப் பாருங்கள். கம்பி நிழல் தரையில் கூர்மையாக விழுகிறதா? அப்படியானால் வேறு ஜன்னல், அல்லது வேறு நேரம். வேறு வழியே இல்லையென்றால் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டலாம்.

ஜன்னலுக்கு எதிர்ப்பக்கக் கன்னம் இருட்டாக இருந்தால் அந்தப் பக்கம் தெர்மாகோல் அட்டையைப் பிடிக்கலாம். சினிமாப் படப்பிடிப்பிலும் இதைத்தான் பிடிப்பார்கள். வெள்ளைச் சார்ட் பேப்பரும் உதவும். படத்தில் விழாத அளவுக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுவர முடியுமோ கொண்டுவர வேண்டும், நாலடி தள்ளிப் பிடித்தால் அதனால் பெரிய பயன் இல்லை.

இவ்வளவும் செய்த பிறகு அவரிடமிருந்து மறுபடி போன்: "அண்ணா, முகம் பச்சையா தெரியுதுங்க." அவர்கள் வீட்டுச் சுவர் பிஸ்தா பச்சை. ஜன்னல் வெளிச்சம் சுவரில் பட்டு, பச்சையை வாங்கிக்கொண்டு கன்னத்துக்கு வந்திருக்கிறது. சுவரை விட்டு நாலடி முன்னால் வரச் சொல்லி, தெர்மாகோலைச் சுவருக்கும் முகத்துக்கும் நடுவில் வைத்ததும் சரியாகிவிட்டது. ரோஸ், ஆரஞ்சுச் சுவர் உள்ள வீடுகளிலும் இதே கதைதான். பெயிண்டை வைத்து யாரையும் குறை சொல்வதற்கில்லை.

வெள்ளைச் சுவருக்கு வேறு தொல்லை. பாஸ்போர்ட் படப் பழக்கத்தில் பலரும் அதைத்தான் தேடிப் போகிறார்கள். போன் பொதுவாக மொத்தப் படத்தையும் பார்த்து, சராசரியாக நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் பளிச்சென்று வெள்ளை இருந்தால் மொத்தத்தையும் குறைக்கும், முகமும் சேர்ந்து இருண்டுவிடும். நம்மில் கறுத்த நிறமுள்ளவர்களுக்கு இதில் இழப்பு அதிகம். அதற்கு மருந்தாக அழகூட்டும் வசதியைத் தட்டிவிட்டுச் சாம்பல் பூசியதுபோல வெளுத்துப்போகிறார்கள். வேண்டியதே இல்லை. பல போன்களில் திரையில் முகத்தைத் தொட்டால் பக்கத்தில் சூரியன்போல ஒரு குறி வரும். அதை மேலே கொஞ்சம் இழுத்தால் முகம் தெளியும். அழகூட்டும் வசதி அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சில போன்களில் வாங்கும்போதே அது ஓடிக்கொண்டிருக்கும். நேர்காணலுக்குப் போய் உட்காரும்போது படத்தில் இருந்த ஆளும் நீங்களும் ஒருவராகவே தெரிய வேண்டும்.

கண்ணாடி அணிபவர்கள் அதோடே எடுங்கள். ஜன்னல் அதில் பளபளத்தால் காதின் மேல் இருக்கும் கம்பியைச் சற்றே தூக்கினால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், பளபளப்பு விலகும். பின்னணியை மங்கலாக்கும் வசதியைக் கண்ணாடிக் கம்பிக்கும் கலைந்த முடிக்கும் நான் நம்புவதில்லை, ஓரங்களைத் தின்றுவிடும்.

உடையில் எனக்குப் பெரிய விதி இல்லை. அவர் வேலைக்கு அணிகிற பருத்திப் புடவையையே அணிந்துகொண்டார், அதுதான் சரி. கோட் கடன் வாங்காதீர்கள். வெட்டும்போது உச்சந்தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே முடித்துக்கொள்ளலாம். தளம் அதை வட்டமாக்கும்போது நாலு மூலையும் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

இனி பேனர். லிங்க்ட்இன் கேட்கும் அளவு 1584 × 396 பிக்சல். அகலம் உயரத்தைப்போல நாலு மடங்கு, சட்டைக் கைப்பட்டைபோல ஒரு நீளத் துண்டு. சாதாரணப் படத்தைக் கொண்டுபோய் அதில் வைத்தால் தலையோ காலோ எதுவோ போகும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. போன் கேமராவின் வழக்கமான படம் 4:3 விகிதத்தில் இருக்கும். அமைப்புகளில் கட்டக் கோடுகளைப் போட்டுவிட்டால் திரை மூன்று வரிசையாகப் பிரியும். போனைப் படுக்கையாகப் பிடித்தால் அந்த நடு வரிசை மிகச் சரியாக 4:1. அதாவது, பேனரில் வர வேண்டியது எல்லாம் நடு வரிசைக்குள் இருக்கும்படி எடுத்து, மேலும் கீழும் உள்ள வரிசைகளை வெட்டினால் முடிந்தது. 4000 × 3000 பிக்சல் படத்தில் 4000 × 1000 மிஞ்சும், தேவைக்கு மேலேயே.

நடு வரிசைக்குள்ளும் எல்லா இடமும் நம்முடையது அல்ல. புரொஃபைல் படத்தின் வட்டம் இடது பக்கம் கீழே வந்து உட்காரும். கம்ப்யூட்டரில் அது மறைப்பதைவிட போனில் அதிகமாக மறைக்கும். அதனால் இடது பக்கம் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விட்டு, சொல்ல வேண்டியதை நடுவிலிருந்து வலப்பக்கமாக வைக்க வேண்டும்.

எதைப் படமெடுப்பது? இணையத்தில் எடுத்த வெளிநாட்டுக் கட்டட வரிசையும் கைகுலுக்கும் கைகளும் உங்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, பல சமயம் அவை வேறொருவரின் உரிமையும்கூட. அந்தப் பெண்ணிடம் உங்கள் மேஜையில் தினமும் என்ன இருக்கும் என்று கேட்டேன். அளவு டேப், துணி எடையைப் பார்க்க வட்டமாக வெட்டும் ஜிஎஸ்எம் கட்டர், வெட்டின துணி வட்டங்கள், சின்னத் தராசு. இதைவிட என்ன வேண்டும்? ஒரு சாம்பல் நிறத் துணியை விரித்து, வலப்பக்கமாக இவற்றைப் பரப்பி, அதே மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தார்.

முதல் படத்தில் ஒரு மூலையில் வெளிநாட்டு வாடிக்கையாளரின் லேபிளும், ஸ்டைல் எண் எழுதின டேக்கும் தெரிந்தன. இன்னும் கடைக்கு வராத உடுப்பு அது. அதைக் கவனிக்காமல் போட்டிருந்தால், வேலை தேடப்போய் இருக்கிற வேலைக்கே வினையாகியிருக்கும். தொழிற்சாலையில் எடுத்தால் வரைபடம், கணினித் திரை, கரும்பலகையில் எழுதின உற்பத்திக் கணக்கு, மருத்துவமனையானால் நோயாளி முகம், பெயர்ச்சீட்டு: படத்தைப் பெரிதாக்கி ஓரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும். பணியிடத்தில் எடுப்பதற்கு அனுமதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். வேலைக்குத் தேவையான எழுத்து ஏதாவது வைக்க நினைத்தால் ஒரு வரி போதும். போன் நம்பர் வேண்டாம்.

படத்தைத் தம்பி போனிலிருந்து அக்கா போனுக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியதில் அது சுருங்கிப்போய் பேனரில் துணி இழையே தெரியவில்லை. டாக்குமென்ட்டாக மறுபடி அனுப்பச் சொன்னேன். ஏற்றிய பிறகு பக்கத்து வீட்டுக்காரர் போனில் அக்காவின் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். தராசின் பாதி வட்டத்துக்குப் பின்னால் போயிருந்தது. வெட்டும் சட்டத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி இடப்பக்கம் நகர்த்தி மறுபடி ஏற்றினார்கள், தராசு வலப்பக்கம் தள்ளி முழுசாகத் தெரிந்தது.