நின்றிருக்கும் வண்டியும் காலியான புலமும்

பெங்களூரில் வாகனக் கண்காணிப்புக் கருவிகளுக்கு ஃபர்ம்வேர் எழுதும் எங்கள் குழுவுக்கு ஒருமுறை விசித்திரமான புகார் ஒன்று வந்தது. ஓடும்போது திசையைச் சரியாகக் காட்டிய வண்டிகள், சில்க் போர்டு சிக்னலில் நின்றதும் வரைபடத்தில் எல்லாம் ஒரே திசையை நோக்கின. மறுநாள் அவையெல்லாம் ஒருசேர வேறொரு திசைக்குத் திரும்பியிருந்தன. ஜிபிஎஸ் மாட்யூலிலிருந்து யூஆர்ட் வழியே வந்த வரிகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, இப்படி ஒன்று கிடைத்தது.

```
$GNRMC,052310.00,A,1255.03200,N,07737.36800,E,0.012,,140324,,,A*63
```

இதில் நேரம் யுடிசி கணக்கு. நமக்குக் காலை 10:53. வேகம் 0.012 நாட். அடுத்த புலம் செல்லும் திசைக்கு உரியது. வண்டி நிற்கும்போது திசையைக் கணிக்க முடியாததால் மாட்யூல் அதைக் காலியாக விட்டிருந்தது. எங்கள் நிரலில் வரியைப் பிரித்த `strtok`, அடுத்தடுத்து வரும் காற்புள்ளிகளை ஒன்றாகவே எண்ணும். எனவே 140324 என்ற தேதி திசையின் இடத்துக்கு நகர்ந்தது. அதை 360 ஆல் வகுத்து மீதியை எடுத்த நிரல் 284 பாகை என்று நம்பத்தக்க விடையைத் தந்துவிட்டது. சர்வர் தன் நேரத்தையே பதிந்துகொண்டதால், தேதிப் புலம் கெட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

வரியின் கடைசியில் உள்ள செக்சம் இதைக் காட்டிக்கொடுக்காது. `$` குறிக்கும் `*` குறிக்கும் இடைப்பட்ட எழுத்துகளை வரிசையாக எக்ஸார் செய்தால் 63 சரியாகவே வரும். பைட்டுகள் பழுதின்றி வந்தனவா என்பதற்கு மட்டுமே அது சாட்சி, நாம் பிரித்த விதத்துக்கு அன்று. மேலும் `strtok`, `strsep` இரண்டுமே காற்புள்ளிகளின் மேல் சுழியத்தை எழுதிவிடுவதால், செக்சத்தைப் பிரிப்பதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும்.

```c
uint8_t x = 0;
char *p = buf + 1, *s = p;
while (*p && *p != '*') x ^= (uint8_t)*p++;
if (*p != '*' || x != strtoul(p + 1, NULL, 16))
    return false;
*p = '\0';
while (s && n < 14) f[n++] = strsep(&s, ",");
```

`strsep` காலிப் புலத்தையும் வெற்றுச் சரமாகத் திருப்பித் தரும். திசைப் புலம் வெற்றாக இருந்தால் பழைய திசையையே வைத்துக்கொள்கிறோம்.

எக்ஸாருக்கு இன்னொரு குறையும் உண்டு. 9600 பாட் வேகத்தில் ஒரு பைட் வர ஏறத்தாழ 1 மில்லிவினாடி ஆகும். ஃபிளாஷில் எழுதும்போது இன்டரப்ட் சில மில்லிவினாடிகள் தாமதித்தால், ஓரிரு பைட்டுகள் தவறிப்போகலாம். அப்படித் தவறியவை 1255.03200 இல் உள்ள இரண்டு 5 களாக இருந்தால், ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும் அவ்விரண்டும் இல்லாமலேயே செக்சம் பொருந்திவிடும். 12 பாகை 55.032 கலை என்றிருந்த அகலாங்கு வெறும் 12.032 கலையாகி, வண்டி நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்தியப் பெருங்கடலில் நிற்கும். ஆகவே செக்சம் பொருந்திய பிறகும், புள்ளிக்கு முன் அகலாங்கில் 4 இலக்கங்களும் நெட்டாங்கில் 5 இலக்கங்களும் இல்லாத வரியை இப்போது நாங்கள் ஏற்பதில்லை.