மீடியேஷன்: சமரசமா, மத்தியஸ்தமா, நடுவமா?

வழக்குத் தொடுக்கும் முன் மறுதரப்புக்கு ஒரு கடிதம் எழுதி, “மீடியேஷனுக்கு வருகிறீர்களா?” என்று கேட்க நினைப்பவர், அந்தச் சொல்லைத் தமிழில் எழுதும் இடத்தில்தான் முதலில் தடுமாறுகிறார். கையருகே நான்கைந்து சொற்கள் இருந்தாலும் அவை ஒரே பொருளைத் தருவதில்லை. பொருந்தாத சொல்லைப் போட்டால், கடிதம் கேட்க வந்ததை விட்டு வேறொன்றைக் கேட்டுவிடும்.

மீடியேஷன் என்பதன் வேர், ‘நடு’ எனப் பொருள்படும் மீடியஸ் என்ற இலத்தீன் சொல். வடமொழி ‘மத்ய’ அதற்கு உறவுச்சொல். ஆகவே ‘நடுவில் நிற்றல்’ என விரியும் மத்தியஸ்தம், வேரளவில் இதற்கு மிக நெருங்கிய இணை. இலங்கையில் ‘மத்தியஸ்த சபை’ என்பது வழக்கில் உள்ள பெயரும்கூட. நடுவில் நிற்பவர் அங்கே என்ன செய்கிறார் என்பதை மட்டும் அந்த வேர் சொல்வதில்லை. அதைச் சட்டம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019இல் நாடுகள் கையெழுத்திட்ட சிங்கப்பூர் உடன்படிக்கை, எந்தப் பெயரால் அழைத்தாலும், தீர்வைத் திணிக்கும் அதிகாரம் இல்லாத மூன்றாமவர் உதவியுடன் தரப்பினர் தாங்களே இணக்கமான முடிவுக்கு வர முயலும் முறையே மீடியேஷன் என்ற கருத்தில் அதை வரையறுக்கிறது. அதிகாரம் இல்லாமைதான் அந்த வரையறையின் உயிர்.

இதனால்தான் ‘நடுவர்’ என்ற நல்ல தமிழ்ச்சொல் இங்கே ஆபத்தாகிறது. பட்டிமன்ற நடுவர் தீர்ப்புச் சொல்கிறார். குற்றவியல் நடுவர் தண்டனை விதிக்கிறார். காவிரி நடுவர் மன்றம் பங்கீட்டைத் தீர்மானித்து 2007இல் இறுதித் தீர்ப்பு அளித்தது. “ஒரு நடுவரிடம் போவோம்” என்று நீங்கள் எழுதி, அவர் “சரி” என்று பதில் போட்டால், அந்த நடுவர் சொல்வதற்குக் கட்டுப்படுவதாக இருவரும் ஒப்புக்கொண்டீர்கள் என்று பின்னால் ஒருவர் வாதிட இடம் உண்டாகும். ஆர்பிட்ரேஷன் என்ற அந்த முறை முற்றிலும் வேறு. ‘பஞ்சாயத்து’ என்றாலும் தீர்ப்பின் வாடைதான் வீசும்.

சமரசம், ‘சம’ என்பதும் சுவையைக் குறிக்கும் ‘ரச’ என்பதும் சேர்ந்தது. வள்ளலார் ‘சமரச சுத்த சன்மார்க்கம்’ என்றபோது, வேறுபாடு கடந்த ஒருமையையே சுட்டினார். பேச்சு வழக்கில் அச்சொல் சற்றுத் தேய்ந்து, “கொள்கையில் சமரசம் செய்துகொண்டார்” என்பதுபோல் விட்டுக்கொடுத்த குறையையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. கடிதத்தைப் பெறுபவர், “இவர் பலவீனப்பட்டுவிட்டார்” என்றோ “என்னை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்” என்றோ எடுத்துக்கொள்வது அதனால்தான். பகைத்து நிற்கும் இருவரை இணக்கப்படுத்துவதற்குப் பழைய இலக்கணத்தில் ‘சந்து செய்தல்’ என்று பெயர். உறையூரை முற்றுகையிட்ட சோழன் நலங்கிள்ளியையும் உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியையும் நோக்கிக் கோவூர் கிழார் பாடிய புறநானூற்றுப் பாட்டு அந்த வகையைச் சேர்ந்தது. யார் பக்கம் நியாயம் என்று அவர் சொல்லவில்லை. இருவர் தலையிலும் இருப்பது சோழர் குடியின் ஆத்திமாலைதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான், இருவரும் வெல்வதும் இயலாது என்றுதான் சொல்கிறார். நடுநிலை நடைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. ‘சந்து’ என்றால் இன்று தெருச்சந்துதான் நினைவுக்கு வருகிறது என்பதால் அதை மீட்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

என் பரிந்துரை ‘சமரசப் பேச்சு’, நடத்துபவருக்குச் ‘சமரசர்’. தனித்தமிழ் வேண்டுவோர் ‘இணக்கப் பேச்சு’, ‘இணக்குநர்’ எனலாம். ‘பேச்சு’ என்ற ஒட்டு சேர்ந்ததும் விட்டுக்கொடுத்தல் என்ற நிழல் விலகி, அது ஒரு நடைமுறை என்பது முன்னுக்கு வருகிறது. எதை எடுத்தாலும், கடிதத்தில் ஒரே ஒரு வாக்கியத்தில் அதை வரையறுத்துவிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு வீட்டுக்காரர் சமையலறை அலமாரி வேலையை ஒரு தச்சு ஒப்பந்தக்காரரிடம் கொடுத்திருக்கிறார். பேசிய தொகையில் முக்கால் பங்கு கொடுத்தாயிற்று. 6 கதவுகள் சரியாக மூடவில்லை என்று இவர் கால் பங்கை நிறுத்தி வைத்திருக்கிறார்; சுவரின் ஈரம்தான் காரணம் என்று அவர் பாக்கியைக் கேட்கிறார். வீட்டுக்காரர் முதலில் எழுதியது: “நீங்கள் தரமற்ற மரத்தைப் போட்டு ஏமாற்றிவிட்டீர்கள். 7 நாளில் சமரசத்துக்கு வராவிட்டால் நீதிமன்றத்தில் சந்திப்போம்.” இதில் தீர்ப்பு முன்பே எழுதப்பட்டுவிட்டது. இதைப் படித்த ஒப்பந்தக்காரர் வக்கீலைத்தான் தேடுவார்.

திருத்திய கடிதம் இப்படி அமையலாம்: “அலமாரிக் கதவுகள் 6 சரியாக மூடாததன் காரணம் குறித்தும், நிலுவையில் உள்ள கால் பங்குத் தொகை குறித்தும் நம்மிடையே கருத்து வேறுபாடு உள்ளது. வழக்குக்குச் செல்லும் முன் இதைச் சமரசப் பேச்சில் பேசிப் பார்க்கலாம் என்று முன்மொழிகிறேன். சமரசர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். நாம் இருவரும் எழுத்தில் ஒப்பி ஒப்பமிட்டாலன்றி எதுவும் நம்மைக் கட்டுப்படுத்தாது. இருவருக்கும் அறிமுகமற்ற 3 சமரசர்களின் பெயர்களை இணைத்துள்ளேன். அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம், நீங்கள் வேறொருவரையும் சொல்லலாம். கட்டணத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்ள நான் தயார். 14 நாட்களுக்குள் உங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன். இம்முன்மொழிவால் இருவரின் சட்ட உரிமைகளும் குறைவுபடா.”

இதில் ‘ஏமாற்று’ம் இல்லை, ‘ஈரச் சுவர்’ என்ற அவர் வாதத்துக்கு மறுப்பும் இல்லை. சர்ச்சையை இருவரும் ஒப்புக்கொள்ளக்கூடிய சொற்களில் வைத்தாயிற்று. ‘எதிர்தரப்பு’, ‘பிரதிவாதி’ என்ற சொற்களையும் தவிர்த்திருக்கிறது. வழக்கே பிறக்காதபோது பிரதிவாதி எங்கிருந்து வருவார்? தேவைப்பட்டால் ‘மறுதரப்பு’ போதும்.

கவனிக்க வேண்டிய இன்னொரு தொடர் ‘உரிமைக்குப் பாதகமின்றி’. இதைத் தலைப்பில் இட்டு எழுதும் கடிதத்தை, தீர்வுக்கான பேச்சின் பகுதி என்ற முறையில், நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது என்பது பல நாட்டுச் சட்டங்கள் ஏற்ற கொள்கை. பலரும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று இதை எல்லாக் கடிதங்களிலும் போட்டுவிடுகிறார்கள். ஆனால் பேச்சுக்கு அழைத்ததே பின்னால் பயன்படும் செய்தி. காரணமின்றி மறுத்தவரைச் செலவுத்தொகை விதிக்கும்போது கணக்கில் கொள்ளும் நீதிமன்றங்களும் உண்டு. அழைப்பையே அந்தத் தலைப்புக்குள் மூடிவிட்டால், அதைக் காட்டுவது சிக்கலாகும். எனவே அழைப்பைத் திறந்த கடிதமாகவும், “பாக்கியில் பாதி தருகிறேன்” போன்ற தொகைப் பேச்சைத் தனிக் கடிதமாக ‘உரிமைக்குப் பாதகமின்றி’ என்ற தலைப்புடனும் வைப்பதே சரி.

காலவரையறையையும் மறக்கக் கூடாது. அழைப்புக் கடிதம் அனுப்பியதால் மட்டும் வழக்குத் தொடுப்பதற்கான காலம் நின்றுவிடும் என்று நினைக்க முடியாது. பேச்சு நடக்கும் நாட்களைக் கழிப்பதா என்பது அந்தந்தச் சட்டத்தைப் பொறுத்தது. கெடு நெருங்கியிருந்தால் 14 நாள் காத்திருப்பதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உடனடித் தடையாணை தேவைப்படும் இடத்திலும் கடிதத்தை மட்டும் நம்ப முடியாது. பதிலே வராவிட்டால் 15ஆம் நாள் ஒரு வரி நினைவூட்டல் போதும்: “என் முன்மொழிவு இன்னும் நிலுவையில் உள்ளது, வரும் வெள்ளி வரை காத்திருக்கிறேன்.” அதிலும் ‘இறுதி எச்சரிக்கை’ என்ற தலைப்பு வேண்டாம்.